ஐந்து நாள், நான்கு இரவு, ஒரே பை: ஓர் அலுவலகப் பயணத்தின் நாட்குறிப்பு

ஞாயிறு மாலை: பையில் குடியிருப்பவை

திங்கள் காலை கிளம்பி வெள்ளி இரவு திரும்பும் அலுவலகப் பயணம். இரண்டு ஊர், இரண்டு ஹோட்டல், ஒவ்வொன்றிலும் இரண்டு இரவு. விமானத்தில் கையோடு கொண்டுபோகும் ஒரே பை. அதற்குள் என்னென்ன போகிறது, ஐந்து நாளும் அது எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதை அன்றன்றைக்கு இங்கே எழுதிவருகிறேன்.

மாதத்துக்கு இரண்டு மூன்று முறை பயணம் போகிறவர்களுக்குப் பையில் இடம் போதாமல் போவது அபூர்வம். சார்ஜர் வீட்டுச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருக்கும், போன பயணத்தில் தீர்ந்த பற்பசை தீர்ந்தபடியே கிடக்கும், இப்படித்தான் பிசகும். திரும்பி வந்ததும் பையை மொத்தமாகக் காலிசெய்துவிட்டு, அடுத்த முறை ஒன்றிலிருந்து ஆரம்பிப்பதால் வரும் வினை இது. அதனால் பொருட்களை இரண்டு வகையாகப் பிரித்துவிட வேண்டும். ஒன்று, பையிலேயே குடியிருப்பவை; இவை வீட்டுக்கு வந்தாலும் பையை விட்டு இறங்குவதில்லை. மற்றது, வந்துபோகிறவை; சட்டை, பேன்ட், உள்ளாடை, லேப்டாப். ஒவ்வொரு பயணத்துக்கும் யோசிக்க வேண்டியது இந்த இரண்டாவது வகையை மட்டும்தான்.

குடியிருப்பவை ஆறு சிறு கட்டுகள். சார்ஜிங் பவுச்: சுமார் 500 கிராம். குளியலறைப் பவுச்: 450 கிராம். சலவைக் கட்டு: 120 கிராம். மருந்தும் காகிதங்களும்: 150 கிராம். இரவில் போட ஒரு டி-ஷர்ட், ஒரு ஷார்ட்ஸ்: 350 கிராம். மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டு துணிப்பைகள், ஒன்று அழுக்குத் துணிக்கு, ஒன்று கைக்கு: 80 கிராம். மொத்தம் 1,650 கிராம்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரே நிபந்தனைதான். இவை எல்லாம் வீட்டில் இருப்பவற்றின் இரண்டாம் பிரதியாக இருக்க வேண்டும். வீட்டு பிரஷ் வேறு, பையின் பிரஷ் வேறு. வீட்டு சார்ஜர் வேறு, பையின் சார்ஜர் வேறு. 'இன்றைக்கு மட்டும்' என்று பையிலிருந்து கேபிளை எடுத்தவர் அதைத் திருப்பி வைத்ததாகச் சரித்திரம் இல்லை. எடுத்தே தீர வேண்டுமென்றால் பவுச்சின் ஜிப்பைத் திறந்தபடியே விட்டுவிடுங்கள். திறந்து கிடக்கும் ஜிப், ஏதோ குறைகிறது என்பதற்கு அடையாளம்.

இனி வந்துபோகிறவை. ஐந்து நாளுக்குச் சட்டை மூன்று: ஒன்று உடம்பில், இரண்டு பையில், இரண்டும் சேர்ந்து 440 கிராம். பேன்ட் இரண்டு: ஒன்று உடம்பில், ஒன்று பையில், 400 கிராம். உள்ளாடையும் சாக்ஸும் நான்கு செட்: உடம்பில் ஒன்று போக மூன்று, 510 கிராம். மெல்லிய ஸ்வெட்டர் 300 கிராம். ஹோட்டல் அறைக்கு ஒரு ஜோடி செருப்பு 250 கிராம். ஆக 1,900 கிராம். கோட்டும் ஷூவும் உடம்போடு வருகின்றன. லேப்டாப்பும் உறையும் 1,500 கிராம். சக்கரம் இல்லாத துணிப்பை காலியாக 1,300 கிராம். எல்லாம் கூட்டினால் 6,350 கிராம்.

கைப்பைக்கு 7 கிலோ என்று வரம்பு வைத்திருக்கும் விமான நிறுவனங்கள் நிறைய. அதற்குள் 650 கிராம் மிச்சம் இருக்கிறது. கூட்டத்தில் கொடுக்கும் காகிதங்களும் காலித் தண்ணீர் பாட்டிலும் அதில் போய்விடும். சக்கரம் வைத்த பெட்டி என்றால் காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். அந்தக் கணத்தில் மிச்சம் காணாமல் போய் வரம்பு மீறிவிடும். முதுகுவலி உள்ளவர்களுக்குச் சக்கரம் தேவைதான். அப்படியானால் ஸ்வெட்டரையும் செருப்பையும் தியாகம் செய்ய வேண்டியிருக்கும், அல்லது 10 கிலோ அனுமதிக்கும் விமானத்தைப் பார்த்து டிக்கெட் எடுக்க வேண்டும். அளவையும் டேப் வைத்துப் பார்த்துவிடுங்கள்: நிறுவனங்கள் சொல்லும் உயரத்தில் சக்கரமும் கைப்பிடியும் சேர்த்தி.

எடை பார்க்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. வீட்டுத் தராசில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருமுறை, வெறுமனே ஒருமுறை ஏறினால் கழித்துக்கொள்ளலாம். நூறு இருநூறு கிராம் முன்பின் இருக்கலாம், அதற்கும் சேர்த்துத்தான் அந்த 650.

சட்டை மடிப்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சுருட்டுவதும் வேண்டாம், கடையில் மடிப்பதுபோல் சதுரமாக மடிப்பதும் வேண்டாம். துணியில் கோடு விழுவது கூர்மையாக வளையும் இடத்தில்தான். வளைவு பெரிதாக இருந்தால் கோடு மெல்லியதாகிவிடும். அதனால் சுற்றிக் கட்டுகிறோம். பையை அகலத் திறந்து, பேன்ட்டின் இடுப்புப் பகுதியைப் பைக்குள் வைத்து, கால்களை வெளியே தொங்கவிட வேண்டும். அதன்மேல் சட்டைகளை முகம் கீழாக விரிக்க வேண்டும். காலர் ஒரு ஓரம், கைகள் இருபுறமும் வெளியே. ஸ்வெட்டர் அதற்கு மேல். நடுவில் இரவு உடையையும் உள்ளாடைகளையும் ஒரு தலையணைபோல் கட்டி வைக்க வேண்டும். பிறகு ஸ்வெட்டர், சட்டைக் கைகள், சட்டையின் அடிப்பாகம், கடைசியில் பேன்ட்டின் கால்கள் என்று ஒவ்வொன்றாக அந்தத் தலையணையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். எந்த இடத்திலும் துணி தன்மீதே கூர்மையாக மடிவதில்லை.

இதில் ஒரு குறை உண்டு. ஒரே ஒரு சட்டை வேண்டுமென்றாலும் முழுக் கட்டையும் அவிழ்க்க வேண்டும். ஒவ்வொரு இரவும் வேறு ஊர் என்றால் இந்த முறை எரிச்சலூட்டும்; அப்போது சாதாரண மடிப்பே மேல். இரண்டு இரவு ஒரே அறையில் தங்கும் இந்தப் பயணத்துக்கு இது பொருத்தம், போனதும் அவிழ்த்து மாட்டிவிடலாம்.

திங்கள்: பாதுகாப்புச் சோதனை

சோதனை வரிசையில் நேரம் தின்பது மூன்று பொருட்கள்: லேப்டாப், திரவப் பை, பவர் பேங்க். மூன்றும் பையின் வெளி அறைகளில் இருக்க வேண்டும். துணிக்கட்டை அந்த வரிசையில் அவிழ்க்கவே கூடாது.

திரவங்களுக்கான 100 மில்லி விதி 2006-இல் வந்தது. ஒவ்வொரு குப்பியும் 100 மில்லிக்குள், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் ஒளிபுகும் பைக்குள். பலர் தவறுவது ஒரு சிறு விஷயத்தில்: கணக்கு குப்பியின் கொள்ளளவுக்குத்தான், உள்ளே இருக்கும் திரவத்துக்கு அல்ல. 150 மில்லி ட்யூபில் அடியில் கொஞ்சம் பற்பசை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 150 மில்லி ட்யூப்தான். புதிய ஸ்கேனர் வைத்த சில விமான நிலையங்கள் இந்த விதியைத் தளர்த்தியிருக்கின்றன. ஆனால் திரும்பும் வழியில் இருக்கும் விமான நிலையத்தில் பழைய ஸ்கேனராக இருக்கலாம். பழைய விதிக்கே பையைத் தயாராக வைப்பது நல்லது.

அதைவிட நல்லது, திரவத்தையே குறைத்துவிடுவது. குளியல் சோப்பு, ஷாம்பு கட்டி, குச்சி வடிவ டியோடரன்ட் ஆகியவை திடப்பொருள்; இந்தக் கணக்கில் வராது. மிஞ்சுவது பற்பசை, முகத்துக்கு ஒரு கிரீம், சவரத்துக்கு ஒரு சின்ன ஜெல் அவ்வளவுதான். ரேஸரில் கார்ட்ரிட்ஜ் வகை போகும். தனியாகக் கழற்றி மாட்டும் இரட்டைமுனை பிளேடைக் கையோடு கொண்டுபோக முடியாது, சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

குப்பி கசிவதற்கும் ஒரு காரணம் உண்டு, மூடி சரியில்லை என்பது மட்டுமல்ல. பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலைமேல் இருப்பதுபோல் குறைந்திருக்கும். தரையில் மூடிய குப்பிக்குள் இருக்கும் காற்று அங்கே கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை கூடுதல் இடம் கேட்கும். அது ஷாம்புவைத்தான் வெளியே தள்ளும். அதனால் மென்மையான குப்பியை அழுத்தி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு, அழுத்தியபடியே மூட வேண்டும். குப்பி சற்று ஒடுங்கினாற்போல் தெரியும். அப்படித்தான் இருக்க வேண்டும், மேலே போனதும் காற்று விரிய இடம் கிடைக்கும். ஸ்ட்ரா வைத்த தண்ணீர் பாட்டில் நடுவானில் தானாகத் தண்ணீர் பீய்ச்சுவதும் இதே காரணத்தால். முதல் தடவை மூடியை மெதுவாகத் திறந்து காற்றை விட்டுவிட்டால் போதும்.

பவர் பேங்க் எப்போதும் கையோடுதான், சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் வைக்கக்கூடாது. வரம்பு வாட்-அவர் கணக்கில்: 100 வரை பொதுவாக அனுமதி, 100-க்கும் 160-க்கும் இடையில் என்றால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். மேலே மில்லி ஆம்பியர்-அவர் மட்டும் அச்சிட்டிருந்தால் கணக்குப் போடுவது சுலபம்: ஆயிரத்தால் வகுத்து 3.7-ஆல் பெருக்க வேண்டும். 10,000 என்றால் 37 வாட்-அவர். 20,000 என்றால் 74. எழுத்து தேய்ந்துபோன பவர் பேங்கைச் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வது உண்டு. அச்சு மங்கத் தொடங்கினால் அதற்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள். 2025 முதல் சில நிறுவனங்கள் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவும் மேல் லாக்கரில் வைக்கவும் தடை போட்டிருக்கின்றன. டிக்கெட் மின்னஞ்சலில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

பவர் பேங்க் வெளி அறையில் இருக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. நிரம்பிய விமானங்களில் ஏறும் வாசலிலேயே பையை வாங்கிச் சரக்கு அறைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த அரை நிமிடத்தில் பவர் பேங்க், லேப்டாப், மருந்து, பாஸ்போர்ட் நான்கையும் எடுத்துவிட வேண்டும். மடித்து வைத்த இரண்டாவது துணிப்பை இதற்குத்தான்.

திங்கள் இரவு: முதல் சலவை

அறைக்குள் போனதும் முதல் வேலை துணிக்கட்டை அவிழ்த்து மாட்டுவது. இரண்டாவது வேலை இன்று போட்டிருந்த சட்டையைத் துவைப்பது. 'நாளைக்குத் துவைத்துக்கொள்ளலாம்' என்று விட்டால் கணக்கு உதைக்கும். இந்த முறையின் சூத்திரமே இதுதான்: எந்த ஹோட்டலிலும் முதல் இரவில் துவை, கிளம்புவதற்கு முந்தின இரவில் துவைக்காதே. இன்று துவைத்தால் நாளை பகலும் நாளை இரவும் காய நேரம் இருக்கிறது. நாளை துவைத்தால் புதன் காலை ஈரச் சட்டையோடு விமானம் ஏற வேண்டும்.

மூன்று சட்டைக்கும் பெயர் வைத்துக்கொள்வோம்: நீலம், வெள்ளை, கட்டம். திங்கள் நீலம், செவ்வாய் வெள்ளை, புதன் கட்டம். இன்று துவைத்த நீலம் வியாழனுக்கு. புதன் இரவு இரண்டாவது ஹோட்டலில் துவைக்கும் வெள்ளை வெள்ளிக்கு. கட்டத்தையும் அன்றே துவைத்துவிட்டால், வெள்ளி இரவு விமானம் ரத்தாகிச் சனிக்கிழமை அங்கேயே உட்கார நேர்ந்தாலும் ஒரு சட்டை கைவசம் இருக்கும்.

சலவைக் கட்டில் இருப்பவை நான்கே பொருள்: ஒரு துண்டு சலவை சோப்பு, தட்டையான ரப்பர் அடைப்பான், இரண்டு முறுக்காகப் பின்னிய ஒரு ரப்பர் கொடி, காற்றடைக்கும் ஹேங்கர் ஒன்று. அடைப்பான் எதற்கு என்று தோன்றும். பல வாஷ்பேசின்களில் உள்ளமைந்த மூடி ஒழுங்காக அடைக்காது, பத்து நிமிடத்தில் தண்ணீர் இறங்கிவிடும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பை இரண்டு மூன்று முறை கையால் உரசினால் போதும். எல்லோரும் செய்யும் தப்பு சோப்பை அதிகமாகப் போடுவது. அதை அலசி எடுக்கவே ஐந்தாறு தண்ணீர் ஆகும். அலசாமல் விட்டால் காய்ந்த துணி விறைத்துக்கொண்டு நிற்கும், வியர்த்தவுடன் கழுத்து அரிக்கும். காலர், கைமடிப்பு, அக்குள் மூன்று இடத்தில் மட்டும் தேய்த்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, தண்ணீர் தெளிவாகும்வரை இரண்டு முறை அலச வேண்டும்.

பிழியக்கூடாது. முறுக்கிப் பிழிந்த சட்டையில் விழும் சுருக்கம் அயர்ன் பெட்டி இல்லாமல் போகாது. சட்டையைத் தொட்டியில் வைத்து உள்ளங்கையால் அழுத்தித் தண்ணீரை இறக்க வேண்டும். பிறகு ஹோட்டலின் உலர்ந்த பெரிய துண்டைக் கட்டில்மேல் விரித்து, அதன்மேல் சட்டையைப் பரப்பி, இரண்டையும் சேர்த்துப் பாய்போல் இறுக்கச் சுருட்ட வேண்டும். சுருளைத் தரையில் வைத்து முழங்காலால் ஓரத்திலிருந்து ஓரம்வரை அழுத்துங்கள். துண்டு கனத்துவிடும், சட்டை ஈரப்பதத்தோடு மட்டும் இருக்கும். காயும் நேரத்தில் பெரும்பங்கை இந்த ஒரு நிமிடம் மிச்சப்படுத்துகிறது.

அதன்பின் ஹேங்கரில் மாட்டி, மேல் பொத்தானைப் போட்டு, காலரையும் பொத்தான் பட்டையையும் விரல்களால் இழுத்து நேராக்க வேண்டும். ஈரத்தில் நேராக்கியது நேராகவே காயும். காற்றடைக்கும் ஹேங்கர் இங்கே உதவுகிறது: சட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒட்டாமல் இடையில் காற்று போகும். குளியலறைக்குள் மாட்டாதீர்கள், அங்கே ஏற்கெனவே ஈரம். அறைக்குள் ஏசி காற்று வந்து படும் இடமே சரி.

எந்தத் துணி என்பதும் முக்கியம். கனமான முழுப் பருத்திச் சட்டை ஒரு இரவில் காய்வது சந்தேகம். நூலுக்குள்ளேயே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பருத்தியோடு பாலியெஸ்டர் கலந்த மெல்லிய சட்டை விரைவில் காயும், சுருக்கமும் குறைவு. சாக்ஸ் மெரினோ கம்பளியாக இருந்தால் இரண்டு நாள் போட்டாலும் நாற்றம் தெரிவதில்லை. ஆனால் மெரினோ தேய்ந்து ஓட்டை விழும், குதிகாலை அவ்வப்போது வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

செவ்வாய்: மின்சாரம்

காலையில் தொட்டுப் பார்த்தால் சட்டையின் உடல் காய்ந்திருக்கிறது, காலருக்குள் இன்னும் ஈரம். அவசரம் இல்லை. ஆனால் ஒரு பொறி இருக்கிறது: பல ஹோட்டல்களில் கதவு அட்டையைச் சுவர்ப் பொந்திலிருந்து எடுத்தால் ஏசியும் மின்விசிறியும் நின்றுவிடும். பகல் முழுக்கச் சட்டை காய்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருக்க, அசையாத காற்றில் அது சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். ஜன்னல் திறக்குமென்றால் அதன் அருகே நகர்த்துங்கள். இல்லையென்றால் இன்னோர் இரவு ஏசி இருக்கிறது. முதல் இரவிலேயே துவைக்கச் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான்.

சார்ஜிங் பவுச்சில் ஒரே சார்ஜர்: 65 வாட், இரண்டு டைப்-சி துளை. லேப்டாப்புக்கும் போனுக்கும் அதுவே. இரண்டு துளையிலும் செருகினால் 65-ஐ அது பங்குபோடும். எப்படி என்று சார்ஜர் மேலேயே பொடி எழுத்தில் இருக்கும், 45-ம் 20-ம் என்பது அடிக்கடி காணும் பிரிப்பு. அதனால் வீடியோ கூட்டம் நடக்கும்போது போனையும் செருகினால் லேப்டாப்பின் சார்ஜ் ஏறாமல் நிற்கலாம், கொஞ்சம் இறங்கவும் செய்யலாம். இரண்டாவதைச் செருகும் நொடியில் முதலாவதும் ஒருமுறை அணைந்து உயிர்பெறுவதைப் பார்த்திருப்பீர்கள். சார்ஜர் கெட்டுவிடவில்லை, இரண்டு கருவிகளோடும் புதிதாகப் பேசி முடிவெடுக்கிறது. இரவில் இரண்டையும் சேர்த்து, பகலில் லேப்டாப் மட்டும் என்று வைத்துக்கொண்டால் சிக்கல் இல்லை.

கேபிளில்தான் ஏமாற்றம் அதிகம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் டைப்-சி கேபிள்களில் சாதாரணமானது 60 வாட்டுக்கு மேல் கடத்தாது. அதைத் தாண்ட கேபிளின் முனையிலேயே ஒரு சிறு சிப் இருக்க வேண்டும். பையில் இரண்டு கேபிள், இரண்டும் 100 வாட் வகை, ஒன்று இரண்டு மீட்டர், ஒன்று அரை மீட்டர். எது எதற்கு என்ற கேள்வியே எழாது. ஹோட்டல் கட்டிலிலிருந்து பிளக் எங்கே இருக்கும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியம், அதற்குத்தான் அந்த இரண்டு மீட்டர்.

வேறு நாட்டுக்குப் போனால் பிளக் அடாப்டர் ஒன்று. அது முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டேஜை மாற்றாது. சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும், எந்த நாட்டிலும் ஓடும். முடி உலர்த்தியிலும் அயர்ன் பெட்டியிலும் பெரும்பாலும் ஒரே வோல்ட்டேஜ்தான் இருக்கும். அவை இந்தப் பைக்குள் வராததற்கு எடை ஒரு காரணம், இது இன்னொன்று.

புதன்: ஊர் மாற்றம்

காலையில் நீலச் சட்டையைக் கட்டுவதற்குமுன் சோதனை. உள்ளங்கையால் தொட்டால் ஏமாறுவோம். காலர் பட்டை, அக்குள் தையல், பொத்தான் பட்டை மூன்றையும் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஈரம் இருக்கிறது. கொஞ்சம்தானே என்று கட்டினால் மாலைக்குள் மக்கிய வாடை வந்துவிடும், கட்டில் இருக்கும் மற்றத் துணிகளுக்கும் பரவும். ஈரம் இருந்தால் அயர்ன் பெட்டியை ஓடவிட்டு அந்த மூன்று இடத்தை மட்டும் உலர்த்துங்கள். அதுவும் இல்லையென்றால் அந்தச் சட்டையைக் கட்டின் வெளிச்சுற்றில் வைத்து, இறங்கியதும் முதலில் அவிழ்க்க வேண்டும்.

சோப்புகளுக்கும் இதே தொல்லை. குளித்துவிட்டு ஈரமாக டப்பாவில் அடைத்தால் கூழாகிவிடும். குளியலை முதலில் முடித்துவிட்டு, சோப்பைத் துண்டில் ஒற்றி வைத்து, பையைக் கட்டி முடித்த பிறகு கடைசியாக டப்பாவுக்குள். ஷாம்பு கட்டிக்கு அடியில் ஓட்டை போட்ட டப்பாவே தோது.

அறையை விட்டு வெளியேறும்முன் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று: கட்டிலோரப் பிளக், குளியலறைக் கொக்கி, ஏசிக்கு எதிரே சட்டை தொங்கிய இடம். பவுச்சுகளின் ஜிப் எல்லாம் மூடியிருந்தால் உள்ளே எல்லாம் இருக்கிறது என்று அர்த்தம், அதை ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால்.

இரவு இரண்டாவது ஹோட்டல். வெள்ளையும் கட்டமும் தொட்டிக்குள் போகின்றன, இரண்டு செட் உள்ளாடையும் கூடவே.

வியாழன்

நீலம் உடம்பில். வெள்ளை காய்கிறது. சொல்ல அதிகமில்லை, ஷூ ஒன்றைத் தவிர.

ஒரே ஜோடித் தோல் ஷூவை ஐந்து நாள் தொடர்ந்து போடுவது இந்த ஏற்பாட்டின் பலவீனம், மறைக்க முடியாது. பகலில் உள்ளே இறங்கிய வியர்வை காய ஒரு முழு நாள் வேண்டும். ஒரே ஜோடியில் அது கிடைக்காது. இரண்டாவது ஜோடி என்றால் ஒரு கிலோ போல் கூடும், 7 கிலோ கணக்கு உடையும். செய்யக்கூடியது இவ்வளவுதான்: அறைக்குள் வந்ததும் செருப்புக்கு மாறுங்கள், ஷூவின் நாக்கை வெளியே இழுத்துவிடுங்கள், உள்ளட்டையைக் கழற்றித் தனியாக வையுங்கள், கூட்டத்தில் கொடுத்த வேண்டாத காகிதங்களைக் கசக்கி உள்ளே திணியுங்கள். காலையில் காகிதம் நமுத்திருக்கும், ஷூ ஓரளவு காய்ந்திருக்கும். பேன்ட் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் தொங்கி ஓய்வெடுக்கக் கிடைக்கும், முழங்கால் சுருக்கம் தானாகவே கொஞ்சம் இறங்கும்.

வெள்ளி: திரும்பும் பை பெரிதாவது ஏன்

அதே துணிகள், ஆனால் ஜிப் மூட மறுக்கிறது. அழுக்குத் துணியைக் கசக்கித் திணிப்பதால் இடையில் காற்று தங்கிவிடுகிறது. அழுக்குத் துணியையும் தட்டையாக மடித்து அதற்கான பையில் போட்டு, வாயைக் கட்டுமுன் மேலே அழுத்திக் காற்றை இறக்கினால் ஞாயிறன்று இருந்த அளவுக்கே வந்துவிடும். அப்படியும் மூடவில்லையென்றால் காகிதங்கள்தான் காரணம். தேவையான பக்கங்களைப் போனில் படமெடுத்துக்கொண்டு மீதியை அங்கேயே விட்டுவிடலாம்.

எடை தாண்டுமோ என்ற பயம் இருந்தால் ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள், பவர் பேங்கும் கேபிளும் கோட்டுப் பைகளுக்குள் போகட்டும். அரை கிலோ குறையும்.

சனிக்கிழமை: இருபது நிமிட வேலை

பயணம் முடிந்துவிட்டது, பையின் வேலை முடியவில்லை. அடுத்த பயணத்துக்கான அடுக்கல் இன்றுதான் நடக்கிறது. என்ன தீர்ந்தது, என்ன கிழிந்தது என்பது இன்றைக்குத்தான் நினைவில் இருக்கும். இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் தெரியாது.

வந்துபோகிறவற்றை எல்லாம் வெளியே எடுத்துச் சலவைக்குப் போடுங்கள். இரவு உடையும் அழுக்குத் துணிப்பையும் அதோடு போகும், ஆனால் அவை காய்ந்ததும் அலமாரிக்குப் போகாமல் நேராகப் பைக்கே திரும்பும். குளியலறைப் பவுச்சைத் திறந்து பற்பசை ட்யூபை அழுத்திப் பாருங்கள். ஐந்து நாளுக்கு வராது என்று தோன்றினால் அதை வீட்டில் பயன்படுத்திவிட்டுப் புதியதை உள்ளே வையுங்கள். குப்பிகளை நிரப்பிக் காற்றை இறக்கி மூடுங்கள். சோப்பு டப்பாவைக் கழுவி ஜன்னலோரம் வையுங்கள். ரேஸரில் கார்ட்ரிட்ஜ் மாற்றும் நாளும் இதுதான். மருந்துப் பட்டையில் எத்தனை மாத்திரை குறைந்தது, எந்த மாதம் காலாவதி என்று ஒரு பார்வை.

பவர் பேங்கை முழுதாக ஏற்றியோ முழுதாக இறக்கியோ வாரக்கணக்கில் வைத்தால் அதன் ஆயுள் குறையும். பாதிக்குக் கொஞ்சம் மேலே ஏற்றி வைத்துவிட்டு, கிளம்புவதற்கு முந்தின இரவு நிரப்பிக்கொள்ளலாம். மறந்துபோகும் ஆசாமி என்றால் இதைப் பொருட்படுத்தாமல் இன்றே முழுதாக ஏற்றிவிடுங்கள். காலி பவர் பேங்கோடு விமான நிலையத்தில் நிற்பதைவிட அது ஒரு வருடம் முன்னதாக மூப்படைவது மேல்.

பையின் உள் ஜிப்பில் ஓர் அட்டை இருக்கிறது. ஆறு கட்டுகளின் பெயரும் ஒவ்வொன்றிலும் எத்தனை பொருள் என்ற எண்ணும் அதில் இருக்கின்றன: சார்ஜிங் 5, குளியலறை 8, சலவை 4 என்று. பட்டியலைப் படிப்பதைவிட எண்ணுவது வேகம். எண்ணிக்கை குறைந்தால் மட்டும் எது என்று தேடினால் போதும். அட்டையின் பின்பக்கம், கொண்டுபோய் ஒருமுறைகூடத் தொடாதவற்றை எழுதும் இடம். இந்த முறை அங்கே ஸ்வெட்டர் ஏறியிருக்கிறது. எடை பார்க்கும் நேரத்தைத் தவிர அது வேறெதற்கும் உதவவில்லை. இன்னும் இரண்டு பயணத்தில் அதே பெயர் வந்தால் 300 கிராம் மிச்சம்.

சார்ஜிங் பவுச் மூடியாயிற்று. மருந்து மூடியாயிற்று. சோப்பு டப்பா இன்னும் ஈரமாக இருப்பதால் குளியலறைப் பவுச்சின் ஜிப் மட்டும் நாளைவரை திறந்திருக்கும்.